டேட்டா அனலிஸ்ட் ரெஸ்யூமேயை ஜேடியோடு வைத்துப் பார்ப்பது எப்படி: ஒரு ரெஸ்யூமேயை வரிவரியாகப் படித்த கதை

எஸ்க்யூஎல், டேஷ்போர்டு, ரிப்போர்ட்டிங் என்ற மூன்று சொல்லும் இருக்கிற ரெஸ்யூமே எது, இல்லாதது எது என்று பிரிப்பதற்கு ஆளே தேவையில்லை, தேடல் பெட்டியில் தட்டினால் போதும். சிக்கல் அதற்கப்புறம்தான். வந்த ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவற்றில் மூன்று சொல்லும் இருக்கும். அதில் யாரை முதலில் போனில் கூப்பிடுவது என்பதை எப்படி முடிவு செய்வது? சில வருடங்களாக அனலிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்து, நிறையத் தப்பும் செய்து, நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ரெஸ்யூமே எழுதுகிறவர்களும் படிக்கலாம், எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தால் உங்கள் வரிகள் எப்படித் தெரியும் என்று புரியும்.

உதாரணத்துக்கு ஒரு ஜேடியை, அதாவது வேலைக்கு என்ன தேவை என்று நிறுவனம் எழுதும் குறிப்பை, எடுத்துக்கொள்கிறேன். நாற்பது சொச்சம் கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம், இரண்டு முதல் நான்கு வருட அனுபவம் உள்ள அனலிஸ்ட் வேண்டும், "நல்ல எஸ்க்யூஎல், பவர் பிஐ டேஷ்போர்டு, ரிப்போர்ட்டிங் அனுபவம்" என்று போட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரும் வந்தவர்களின் பெயரும் வேண்டாம், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதலில் ஜேடியை உடையுங்கள், ரெஸ்யூமேயைத் திறக்காதீர்கள்

பெரும்பாலான ஜேடிகள் பழைய ஜேடியில் இருந்து நகலெடுத்தவை. "டேஷ்போர்டு அனுபவம்" என்றால் புதிதாகக் கட்ட வேண்டுமா, இருப்பதைப் பராமரித்தால் போதுமா? "ரிப்போர்ட்டிங்" என்றால் காலையில் அனுப்பும் எம்ஐஎஸ் மெயிலா, மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸோடு உட்கார்ந்து கணக்கு ஒப்பிடுவதா? ஜேடியைப் படித்துத் தெரியாது. டீம் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வருகிறவர் முதல் மூன்று மாதம் திங்கட்கிழமை காலையில் என்ன செய்துகொண்டிருப்பார்?

எங்கள் மேனேஜர் சொன்ன பதில் இது. காலை 10 மணிக்குள் எந்தக் கிளையில் எந்தப் பொருள் தீர்ந்துபோயிருக்கிறது என்ற பட்டியல் போக வேண்டும். மாதம் ஒருமுறை கிளைவாரி லாபக் கணக்கு அக்கவுன்ட்ஸ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். டேஷ்போர்டு ஏற்கனவே ஆறு இருக்கிறது, அவற்றில் அவ்வப்போது திருத்தம் மட்டும். அதாவது, ஜேடியில் மூன்றும் சமமாக எழுதியிருந்தாலும் வேலையில் சமம் இல்லை. நாங்கள் எஸ்க்யூஎல்லுக்கு 5, ரிப்போர்ட்டிங்குக்கு 3, டேஷ்போர்டுக்கு 2 என்று எடை போட்டோம். இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, வேறு வேலையில் தலைகீழாக இருக்கலாம். ஆனால் ரெஸ்யூமேயைப் பார்ப்பதற்கு முன்னாடியே எழுதி வைத்துவிட வேண்டும். பிடித்த ரெஸ்யூமேயைப் பார்த்த பிறகு எடை போட்டால், நம்மை அறியாமலே அந்த ஆளுக்கு ஏற்ற மாதிரி எடை மாறிவிடும். நானே செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 3

மதிப்பெண் முறை ரொம்ப எளியது. ரெஸ்யூமேயில் அந்தத் திறமை இல்லவே இல்லை என்றால் 0. பெயர் மட்டும் இருந்தால், அதாவது திறமைகள் பட்டியலில் ஒரு சொல்லாக மட்டும் இருந்தால் 1. எந்தக் காரியத்துக்காகப் பயன்படுத்தினார் என்பது தெரிந்தால் 2. எதன் மேல் வேலை செய்தார், எவ்வளவு அடிக்கடி, யாருக்காக, அதனால் என்ன மாறியது என்ற நான்கில் குறைந்தது மூன்று தெரிந்தால் 3. பட்டியலில் "எக்ஸ்பர்ட்" என்று எழுதியிருந்தாலும், 90 சதவீதம் நிரம்பிய நீலப் பட்டை போட்டிருந்தாலும், அது 1 தான். 90 சதவீதம் எஸ்க்யூஎல் என்றால் என்ன, மீதி 10 சதவீதம் எது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது ரெஸ்யூமேக்கு வருவோம். கூரியர் கம்பெனி ஒன்றில் எம்ஐஎஸ் எக்சிக்யூட்டிவாக இரண்டரை வருடம், அப்புறம் வேறொரு இடத்தில் எட்டு மாதம் டேட்டா அனலிஸ்ட். மேலிருந்து கீழாக அதில் இருந்த முக்கிய வரிகள்:

"எஸ்க்யூஎல்: ஜாயின், சிடிஇ, விண்டோ ஃபங்ஷன், எக்ஸ்பர்ட்."

"விற்பனைத் தரவை ஆய்வு செய்து செயல்திறனை 30 சதவீதம் உயர்த்தினேன்."

"எட்டு மாதத்தில் 15க்கும் மேற்பட்ட பவர் பிஐ டேஷ்போர்டுகள் உருவாக்கினேன்."

அப்புறம் இரண்டாம் பக்கத்தின் அடியில், பழைய வேலையின் கீழே, சின்ன எழுத்தில்: "38 ஹப்புகளின் டெலிவரி நிலுவை அறிக்கையைத் தினமும் காலை 9 மணிக்குள் செயல்பாட்டு மேலாளர்களுக்கு அனுப்பினேன். எக்செலில் இரண்டரை மணி நேரம் எடுத்ததை எஸ்க்யூஎல் குவெரியாக மாற்றி 20 நிமிடமாக்கினேன். மாதாமாதம் கேஷ் ஆன் டெலிவரி தொகையை நிதிப் பிரிவின் கணக்கோடு ஒத்துப் பார்த்தேன்."

முதல் வரி 1. இரண்டாவது வரிக்கு எதுவுமே இல்லை. எதன் செயல்திறன், எப்போதிலிருந்து எப்போது வரை, எதை வகுத்து 30 வந்தது என்று ஒன்றும் தெரியாததால் அதைக் கூட்டவும் வேண்டாம், பொய் என்று கழிக்கவும் வேண்டாம். இணையத்தில் கிடைக்கிற எல்லா ரெஸ்யூமே அறிவுரையும் "எண் போடு, எண் போடு" என்று சொல்வதால் பாவம் எல்லோரும் ஒரு சதவீதத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

நிஜச் சரக்கு கடைசி வரியில்தான் இருக்கிறது. 38 ஹப், காலை 9 மணி, செயல்பாட்டு மேலாளர்கள், இரண்டரை மணி நேரம் 20 நிமிடமானது: நான்கும் இருக்கிறது. ரிப்போர்ட்டிங் 3. அதோடு, எக்செலில் இரண்டரை மணி நேரம் கையால் செய்த ஒன்றைக் குவெரியாக்க வேண்டுமானால் பல டேபிள்களைச் சேர்த்து, கணக்கின் விதிகளை எழுத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும், அதனால் எஸ்க்யூஎல்லை 1இலிருந்து 2 ஆக்கினேன். ஏன் 3 இல்லை? குவெரியை இவரே எழுதினாரா, ஐடி டீம் எழுதிக் கொடுத்ததை இவர் ஓட்டினாரா என்பது வரியில் இல்லை. போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "எம்ஐஎஸ் எக்சிக்யூட்டிவ்" என்ற பதவிப் பெயரைப் பார்த்ததும் ஒதுக்குகிற ஹெச்ஆர்கள் நிறைய இருக்கிறார்கள். அனலிஸ்ட் என்ற பெயர் வருவதற்கு முன்பிருந்தே நம் ஊர் அலுவலகங்களில் இந்த வேலையைச் செய்தது எம்ஐஎஸ் ஆட்கள்தான். தேடல் பெட்டியில் "data analyst" என்று மட்டும் போட்டால் இவர்கள் வரவே மாட்டார்கள், "MIS" என்றும் ஒரு தடவை தேடுங்கள்.

டேஷ்போர்டு வரியில் ஏமாறுவது எளிது

15 டேஷ்போர்டு, எட்டு மாதம். கணக்குப் போட்டால் சுமார் பதினாறு நாளைக்கு ஒன்று. முடியாதது இல்லை. ஆனால் தேவையைக் கேட்டு, டேட்டா மாடல் கட்டி, எண்ணைச் சரிபார்த்து, பயன்படுத்துகிறவருக்குக் காட்டி, திருத்திக் கொடுக்கும் டேஷ்போர்டு இந்த வேகத்தில் வராது. அநேகமாக ஒரே ஃபைலில் உள்ள பக்கங்களைத் தனித்தனியாக எண்ணியிருப்பார். யார் பார்த்தார்கள், எதை முடிவு செய்தார்கள் என்று இல்லாததால் 1 மட்டும் கொடுத்தேன்.

ப்ராஜெக்ட் பகுதியில் வரும் சில பெயர்கள் எங்கிருந்து வந்தவை என்று உடனே சொல்லிவிடும். சூப்பர்ஸ்டோர் என்றால் டாப்லோவோடு வரும் மாதிரித் தரவு. அட்வென்ச்சர்வொர்க்ஸ், நார்த்விண்ட் என்றால் மைக்ரோசாஃப்டின் மாதிரித் தரவுத்தளங்கள். டைட்டானிக் என்றால் கேகிள் பயிற்சி. இதைப் போடுவது குற்றமில்லை, கல்லூரி முடித்துவந்தவர் வேறு எதைப் போடுவார்? ஆனால் அந்தத் தரவுகளில் அலுவலகத் தரவின் தொல்லை கிட்டத்தட்ட கிடையாது. ஒரே கிளைக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல், நள்ளிரவுக்கு மேல் போட்ட பில் எந்தத் தேதியில் சேரும் என்ற சண்டை, இதெல்லாம் அங்கே பழக முடியாது. மூன்று வருட அனுபவம் சொல்கிறவர் சூப்பர்ஸ்டோரை மட்டும் காட்டினால், வேலையில் செய்ததைச் சொல்ல ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்கத்தான் வேண்டும்.

அதற்காக "பழைய கம்பெனி டேஷ்போர்டின் படத்தை அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். அது அவர்களுடைய தரவு, அவர் காட்டக் கூடாது. கேட்காமலே நிஜ விற்பனை எண்களோடு படம் அனுப்பினாரென்றால் நாளைக்கு உங்கள் எண்ணும் அப்படித்தான் போகும்.

"ரியல் டைம் டேஷ்போர்டு" என்ற சொல்லும் அடிக்கடி வரும். பவர் பிஐயில் இம்போர்ட் முறையில் தரவை ஏற்றி, ப்ரோ லைசென்ஸில் ஓட்டினால், அட்டவணை போட்டு ரிஃப்ரெஷ் செய்வது ஒரு நாளைக்கு 8 தடவைதான். நிமிடத்துக்கு நிமிடம் மாற வேண்டுமானால் டைரக்ட்குவெரி மாதிரி வேறு வழி வேண்டும், அதில் வேகம் குறைவது போன்ற வேறு தலைவலிகள் வரும். நிஜமாகச் செய்தவரிடம் "எப்படி ரிஃப்ரெஷ் ஆச்சு?" என்று கேட்டால் இந்தத் தலைவலிகளைப் பற்றியே பேச ஆரம்பிப்பார். செய்யாதவர் "அது ஆட்டோமேட்டிக்கா ஆகிடும்" என்பார்.

தேதிகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் விண்டோ ஃபங்ஷன் வந்ததே 8.0 பதிப்பில், 2018இல்தான். பவர் பிஐ பொதுவாகக் கிடைக்க ஆரம்பித்தது 2015 ஜூலையில். 2016இல் மைஎஸ்க்யூஎல்லில் விண்டோ ஃபங்ஷன் எழுதினேன் என்று ஒரு வரி இருந்தால், ஆளைத் தள்ள வேண்டாம், பழைய வேலைக்குப் புதிய திறமையை ஒட்டவைத்திருக்கலாம் என்று குறித்துக்கொண்டு போனில் கேளுங்கள்.

கூட்டிப் பார்க்கிறோம்

நம் கூரியர் ஆளுக்கு எஸ்க்யூஎல் 2, ரிப்போர்ட்டிங் 3, டேஷ்போர்டு 1. எடையோடு பெருக்கினால் 10, 9, 2, ஆக மொத்தம் 30க்கு 21. அதே கட்டில் இன்னொரு ரெஸ்யூமே இருந்தது, பார்க்கவே அழகு, டேஷ்போர்டுகளை மூன்று பத்தியில் விவரமாக எழுதியிருந்தார், வண்ணத் தேர்வு வரைக்கும். எஸ்க்யூஎல்லும் ரிப்போர்ட்டிங்கும் திறமைப் பட்டியலில் சொல்லாக மட்டும். எஸ்க்யூஎல் 1, ரிப்போர்ட்டிங் 1, டேஷ்போர்டு 3, அதாவது 5, 3, 6, மொத்தம் 14. சும்மா புரட்டிப் பார்த்திருந்தால் இரண்டாமவரைத்தான் முதலில் கூப்பிட்டிருப்போம், ஹெச்ஆர் அப்படித்தான் வரிசை போட்டு அனுப்பியிருந்தார். புதிய டேஷ்போர்டு கட்டும் வேலையாக இருந்தால் அந்த வரிசை சரியாகக்கூட இருந்திருக்கும்.

இந்த 21ஐயும் 14ஐயும் வைத்து முதலில் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் முடிவு செய்யலாம். 21க்கும் 20க்கும் வித்தியாசம் பார்ப்பது வீண். நன்றாக வேலை செய்துவிட்டு அதை எழுதத் தெரியாதவர்களை இந்த முறை கீழே தள்ளும், அது இதன் பெரிய குறை. அதனால் கூட்டுத்தொகை குறைந்தாலும், எதிலாவது ஒரு வரி நிஜ வேலை மாதிரித் தெரிந்தால் அவரையும் கூப்பிடுவேன்.

பதினைந்து நிமிட போன்

ரெஸ்யூமேயில் குறித்து வைத்த சந்தேகங்களை மட்டும் கேட்பதற்கான போன் இது, நேர்முகத் தேர்வு இல்லை. "லெஃப்ட் ஜாயினுக்கும் இன்னர் ஜாயினுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பயனில்லை, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள். அவருடைய வரியில் இருந்தே கேளுங்கள். இவர் கேஷ் ஆன் டெலிவரி கணக்கை ஒப்பிட்டேன் என்று எழுதியிருந்தார் இல்லையா, அதனால் இந்தக் குவெரியை அவருக்கு சாட்டில் அனுப்பினேன்:

```sql
SELECT o.hub_id, SUM(o.cod_amount) AS cod
FROM orders o
JOIN delivery_attempts a
  ON a.order_id = o.order_id
GROUP BY o.hub_id;
```

"இதில் வரும் தொகை நிதிப் பிரிவின் தொகையைவிட அதிகமாக இருக்கிறது. எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். ஓர் ஆர்டரை டெலிவரி செய்ய மூன்று தடவை போயிருந்தால் `delivery_attempts` டேபிளில் மூன்று வரி இருக்கும். ஜாயின் செய்ததும் அந்த ஆர்டரின் தொகை மூன்று தடவை வரும். ஒரே ஹப்பில் 900 ரூபாய் ஆர்டர் இரண்டு இருக்கிறது, ஒன்றுக்கு மூன்று முயற்சி, இன்னொன்றுக்கு ஒரே முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தொகை 1,800. குவெரி 3,600 காட்டும்.

பாதிப் பேர் இந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, `SUM(DISTINCT o.cod_amount)` போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது இன்னும் மோசம். இரண்டு ஆர்டரும் 900 ரூபாய் என்பதால் ஒன்றை விழுங்கிவிட்டு 900 காட்டும். முதல் தப்பாவது தொகையை ஊதிக் காட்டுகிறது, யாராவது கவனிப்பார்கள். இரண்டாவது தப்பு சில நாள் சரியாகவும் சில நாள் குறைவாகவும் வந்து மாதக் கடைசியில்தான் தெரியும்.

நம் ஆள் குவெரியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், ரீ-அட்டெம்ப்ட் இருக்கும் ஆர்டர் டபுளாகும். எங்களுக்கும் இதே பிரச்சினை வந்துச்சு. ஆர்டருக்குக் கடைசி ஸ்டேட்டஸ் ஒண்ணு மட்டும் வர்ற மாதிரி முதல்லயே வடிகட்டிட்டு அப்புறம்தான் ஜாயின் பண்ணுவோம்." எப்படி வடிகட்டினீர்கள் என்றதும் `ROW_NUMBER` என்றார், ஆர்டர் எண்ணை வைத்துப் பிரித்து, நேரத்தை இறங்குவரிசையில் அடுக்கி, ஒன்றாம் எண்ணை மட்டும் எடுப்பது என்று விளக்கினார். குவெரியை எழுதியது யார் என்று தனியாகக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. எஸ்க்யூஎல்லை 3 ஆக்கினேன்.

அடுத்து `LAG` பற்றிக் கேட்டேன். பயன்படுத்தியதில்லை என்றார். ஆக "விண்டோ ஃபங்ஷன் எக்ஸ்பர்ட்" என்பது அவரைப் பொறுத்தவரை `ROW_NUMBER` ஒன்றுதான். அதனால் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. நேற்றைய இருப்போடு இன்றைய இருப்பை ஒப்பிட எங்களுக்கு `LAG` வேண்டியிருக்கும், ஆனால் `ROW_NUMBER` புரிந்தவர் அதைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

15 டேஷ்போர்டு கதையும் நினைத்த மாதிரிதான். "தனித்தனி ஃபைலா எத்தனை?" என்றதும் கொஞ்சம் தயங்கிவிட்டு நான்கு என்றார், பக்கங்களைச் சேர்த்தால் 15 வருமாம். இதை நான் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளவில்லை, கேட்டதும் சொன்னார். அந்த நான்கில் இப்போதும் யாராவது திறக்கிற டேஷ்போர்டு எது என்று கேட்டேன். ஒன்று மட்டும், கிளை மேலாளர்கள் திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்னால் பார்ப்பது என்றார். யார், எப்போது என்று தெரிந்துவிட்டதால் டேஷ்போர்டு 2. மறுபடி கூட்டினால் 15, 9, 4, மொத்தம் 28.

14 வாங்கியவரையும் கூப்பிட்டோம். அதே மாதிரி ஒரு குவெரியை விற்பனைத் தரவில் மாற்றிக் கொடுத்தபோது "எண்ணை எனக்கு டேட்டா டீம் கொடுப்பாங்க, நான் விஷுவல் பண்ணுவேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார். நல்ல பதில், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

அடுத்த சுற்றுக்கு எழுதி அனுப்புவது

பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "நல்ல கேண்டிடேட், 28/30" என்று எழுதி அனுப்பினால், அடுத்து பேசுகிறவர் மறுபடி ஜாயின் பற்றியே கேட்டு அரைமணி நேரத்தைக் கொன்றுவிடுவார். மூன்று வரி எழுதுங்கள்: எது சோதிக்கப்பட்டது, எது ரெஸ்யூமேயில் மட்டும் இருக்கிறது, எது இல்லை. இவருக்கு நான் எழுதியது இப்படி:

"ஒரு ஆர்டருக்குப் பல வரி வரும் ஜாயின் சிக்கலையும் `ROW_NUMBER`ஐயும் போனில் சோதித்தாயிற்று, மறுபடி வேண்டாம். நிதிக் கணக்கோடு ஒப்பிட்டதை ரெஸ்யூமேயில்தான் பார்த்தேன், வித்தியாசம் வந்த ஒரு மாதத்தை எடுத்து எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கவும். பவர் பிஐயில் டேட்டா மாடலை இவரே கட்டியதற்கு ஆதாரம் இல்லை, நம் ஆறு டேஷ்போர்டில் ஒன்றைத் திறந்து காட்டி, கிளை வாரியாக ஒரு எண்ணைச் சேர்க்கச் சொல்லிப் பார்க்கவும். நோட்டீஸ் பீரியட் 60 நாள்."